சிவப்பு வளையமும் பாதியில் விழும் கிளியரும்

பேட்மிண்டன் பழக ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதம் ஆனவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். பின்கோட்டில் நின்று மூச்சைப் பிடித்து கிளியர், அதாவது எதிராளியின் பின்கோடுவரை போக வேண்டிய உயரமான அடி, அடித்தாலும் ஷட்டில் எதிர்ப்பக்கத்தின் நடுவிலேயே விழுந்துவிடுகிறது. எதிரே நிற்பவர் ஓர் அடிகூட நகராமல் அதை ஸ்மாஷ் அடித்து முடித்துவிடுகிறார். இதற்கு இரண்டு வைத்தியங்கள் உடனே கிடைக்கும். ஒருவர், "சிவப்பு வளையம் போட்ட நைலான் ஷட்டில் வாங்கு, பறக்கும்" என்பார். இன்னொருவர், "அலுமினிய ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல கார்பன் ஒன்று வாங்கு" என்பார். முதல் யோசனை அநேகமாக எப்போதும் தவறு. இரண்டாவது பாதி சரி. ஆனால் 'நல்ல கார்பன்' என்று எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது முழுத் தவறாகவும் முடியலாம்.

ஷட்டிலிலிருந்தே தொடங்கலாம். ராக்கெட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட கையில் கிடைக்கும் ஷட்டிலை அப்படியே எடுத்து ஆடிவிடுகிறார்கள். நம் அடி எவ்வளவு தூரம் போகிறது என்பதை அளந்து சொல்வதே ஷட்டில்தான். அளவுகோல் தப்பாக இருந்தால், அதை வைத்து அளந்த எதுவும் சரியாக இருக்காது.

ஷட்டிலுக்கு வேகம் என்று ஒன்று உண்டு. அது எவ்வளவு விரைவாகப் பறக்கிறது என்பதைவிட, ஒரே அடிக்கு எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதையே குறிக்கிறது. விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பின்கோட்டுக்கு மேலே ஷட்டிலைப் பிடித்து, கீழிருந்து மேலாக, பக்கக் கோட்டுக்கு இணையாக, முழு வீச்சில் ஓர் அடி. அது எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டர் முதல் 990 மில்லிமீட்டர் வரை முன்னால் விழுந்தால் வேகம் சரி. தரையில் இதற்கான குறிகள் இல்லாத கோர்ட்டிலும் சோதித்துக்கொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரட்டையர் ஆட்டத்தின் பின் சர்வீஸ் கோடு, பின்கோட்டிலிருந்து 760 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பகுதியின் நட்ட நடுவும் அதுதான். ஆகவே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்குள் விழுந்தால் ஷட்டிலில் குறை இல்லை.

இங்கேதான் புதியவர் ஏமாறுகிறார். அந்தச் சோதனை, முழு வீச்சில் ஒழுங்காக அடிக்கத் தெரிந்தவருக்கானது. மணிக்கட்டும் முன்கையும் இன்னும் சேர்ந்து வேலை செய்யாதவர் அடித்தால் எந்த ஷட்டிலும் குட்டையாகத்தான் விழும். அதைப் பார்த்து 'இந்த ஷட்டில் ஸ்லோ' என்று முடிவுகட்டி வேகமானதை வாங்கினால், அடி திருந்துவதற்கு முன்பே ஷட்டில் பின்கோட்டைத் தொட ஆரம்பித்துவிடும். குறை மறைந்துவிடும், தீராது. இரண்டு மாதம் கழித்துச் சரியான ஷட்டிலில் ஆடும்போது அதே குறை அப்படியே திரும்பி வந்து நிற்கும். இடையில் வேறொரு நஷ்டமும் உண்டு: வேகமான ஷட்டிலில், நெட்டை ஒட்டி விழ வேண்டிய டிராப் அடி தள்ளிப் போய் விழும், சர்வீஸ் உயரும். மெதுவாகத் தொட்டு அடிக்க வேண்டிய அடி ஒன்றும் பழக்கத்துக்கு வராது.

நைலான் ஷட்டிலின் கார்க்கைச் சுற்றியுள்ள வண்ண வளையம் சொல்வது வேகத்தைத்தான். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. இது ஆடுபவரின் பலத்துக்காகப் பிரித்ததல்ல, காற்றுக்காகப் பிரித்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அது ஷட்டிலைக் குறைவாகத்தான் தடுக்கும், ஆகவே ஷட்டில் தூரம் போகும். குளிர்ந்த காற்றில் நேர்மாறு. தோராயமாக 22 டிகிரி செல்சியசுக்கு மேல் பச்சை, 12 முதல் 22 வரை நீலம், அதற்கும் கீழே போனால்தான் சிவப்பு. கடல்மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் உள்ள ஊர்களிலும் காற்று மெலிந்திருப்பதால் ஒரு படி மெதுவானதை எடுக்க வேண்டியிருக்கும். வெப்பமான அரங்கில் சிவப்பு வளையத்துக்கு வேலையே இல்லை. கார்க்கிலிருந்து விரியும் பாவாடைப் பகுதி வெள்ளையா மஞ்சளா என்பதற்கும் வேகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அது சுவரின் நிறத்துக்கு எதிரே கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டுமே.

இறகு ஷட்டிலில் வளையத்துக்குப் பதில் எண் இருக்கும்: 75, 76, 77, 78, 79. இது கிரெய்ன் என்ற பழைய எடை அளவில் வந்த எண். 77 என்றால் கிட்டத்தட்ட 4.99 கிராம், 76 என்றால் 4.92 கிராம். இடையில் இருப்பது ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்தத் துளி எடைக்கே விழும் இடம் ஓர் அடி அளவுக்குத் தள்ளிப்போகும். எடை கூடினால் தூரம் கூடும். அதனால் வெப்பமான இடத்தில் 75 அல்லது 76, மிதமான இடத்தில் 77, குளிரில் 78 அல்லது அதற்கும் மேல். சில நிறுவனங்கள் 1 முதல் 5 வரை எண்ணிட்டு விற்கின்றன. அதிலும் சிறிய எண் மெதுவானது.

இறகும் நைலானும்

இறகு ஷட்டிலில் 16 இறகுகள். வாத்து அல்லது கூஸ் வாத்தின் சிறகிலிருந்து எடுத்தவை. ஒரு ஷட்டிலில் உள்ள 16 இறகுகளும் ஒரே பக்கச் சிறகைச் சேர்ந்தவையாக இருக்கும். அப்போதுதான் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வால் ஷட்டில் பறக்கும்போது எப்போதும் ஒரே திசையில் சுழலும். நைலான் ஷட்டிலில் இறகுக் காம்புகளைப் போல வார்த்த விலா எலும்புகளும் இடையில் வலை போன்ற பின்னலும் கொண்ட ஒரே துண்டுப் பாவாடை. பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் காற்றில் இரண்டும் வெவ்வேறு பிறவிகள்.

ஓங்கி அடித்தால் நைலான் பாவாடை ஒரு கணம் உள்நோக்கிக் குவியும். குவிந்த நேரத்தில் காற்றின் தடை குறையும், ஆகவே ஷட்டில் சற்று வேகமாக நழுவிச் செல்லும். இறகு அவ்வளவு எளிதில் குவியாது. முதல் சில மீட்டர் அம்புபோலப் போய், பிறகு யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல வேகம் குறைந்து, உச்சியில் கவிழ்ந்து கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். நைலான் இறங்கும் பாதை இன்னும் சாய்வானது. கடைசிவரை பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வரும்.

இதனால் ஆட்டத்தில் என்ன மாறும்? பின்கோட்டுக்கு வரும் உயரமான கிளியரை எடுத்துக்கொள்வோம். நைலானிலேயே பழகியவர், ஷட்டில் இன்னும் பின்னால் வரும் என்று எதிர்பார்த்து ஓரடி தள்ளிப் போய் நிற்பார். இறகு அவருக்கு முன்னால் நேராக இறங்கிவிடும். கையை நீட்டிக் குனிந்து அடிப்பார், அது நெட்டில் போய் முட்டும். இறகிலேயே பழகியவர் நைலானில் ஆடும்போது ஷட்டில் தலைக்குப் பின்னால் போய்விடும். இரண்டு பேருக்குமே கையில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கால் நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முதல் சில நாட்களில் இதை நினைவில் வைத்தால் வீண் குழப்பம் இல்லை.

நெட் அருகில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ராக்கெட்டை விட்டுக் கிளம்பிய உடனே ஷட்டில் கவிழ்ந்து, கார்க் முன்னால் வர வேண்டும். இறகு சட்டென்று கவிழ்ந்து நிலைக்கு வரும். நைலான் கொஞ்சம் தாமதமாக, தள்ளாடிக்கொண்டே திரும்பும். அதனால் நெட்டை ஒட்டித் தடவிவிடும் நுட்பமான அடிகள் நைலானில் ஏதோ நடப்பதுபோலத் தெரிந்தாலும், அந்தப் பழக்கம் இறகுக்கு அப்படியே பொருந்தாது.

இவ்வளவும் இறகுக்குச் சாதகமான வாதம் என்றால், எதிர்வாதம் ஒரே சொல்: உடையும். புதியவரின் அடியில் பாதி ராக்கெட்டின் நடுவில் படாது. ஃப்ரேம் ஓரத்தில் படும். ஃப்ரேம் ஓரம் இறகுக் காம்பை ஒரே அடியில் முறித்துவிடும். ஒரு காம்பு முறிந்தால் ஷட்டில் தள்ளாடும். இரண்டு முறிந்தால் குப்பைதான். நான்கு புதியவர்கள் சேர்ந்து ஆடினால் ஒரு கேம் முடிவதற்குள் ஒரு ஷட்டில் போய்விடுவது சாதாரணம். அதே நால்வர் ஒரு நல்ல நைலான் ஷட்டிலை வைத்துப் பல நாள் ஆடலாம். ஷட்டில் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அடியை அடக்கிக்கொண்டு ஆடுவதைவிட, நைலானை வைத்துக்கொண்டு தாராளமாக நூறு முறை தப்பாக அடிப்பது மேல். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் நைலான்தான் என்பது என் தீர்ப்பு. பயிற்சியாளர் கையில் நேரடியாகப் பழகுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் முதல் நாளிலிருந்தே அடிபட்ட பழைய இறகு ஷட்டில்களில் ஆடுவார்கள், அதுவே நல்லது.

எல்லா நைலானும் ஒன்றல்ல. அடியில் உள்ள குமிழ் உண்மையான கார்க்கா, வெறும் ஃபோமா என்று பார்க்க வேண்டும். விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தால் ஃபோம் பஞ்சுபோல உள்வாங்கும். அடிக்கும்போது 'தொப்' என்று மந்தமான சத்தம் வரும், ஷட்டில் ஸ்ட்ரிங்கை விட்டுக் கிளம்பவே மனமில்லாததுபோல இருக்கும். கார்க் கெட்டியாக நின்று 'டக்' என்று தெறிக்கும். பழகுவதற்குக் கார்க் வைத்ததைத்தான் எடுக்க வேண்டும். அடுத்து, கார்க் பக்கத்தை மேலே பிடித்து, பாவாடையின் வாயை நேராகப் பாருங்கள். வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். டப்பாவில் நசுங்கி நீள்வட்டமாகிப் போனது காற்றில் ஆடும். பையின் அடியில் செருகி வைத்தாலும் இந்தக் கதிதான். தலைக்கு மேலே கையை உயர்த்தி, கார்க்கை மேல்நோக்கிப் பிடித்து அப்படியே கீழே விட்டால், நல்ல ஷட்டில் ஒருமுறை கவிழ்ந்து நேராக விழும். கெட்டது நெளிந்து நெளிந்து இறங்கும். பாவாடை விளிம்பில் விலா கிழிய ஆரம்பித்ததும் நைலானின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் ஆடினால் பழக்கம் கெடும். கடும் குளிரில் நைலான் மொரமொரவென்று ஆகிவிடுவதால் சீக்கிரமே விரிசல் விடும்.

இறகுக்கு எதிரி குளிரல்ல, வறட்சி. காய்ந்துபோன இறகு கண்ணாடிபோல முறியும். ஆடுவதற்கு முந்தைய நாள், குழாய் டப்பாவின் இரு மூடிகளையும் கழற்றி, இறகுப் பக்கம் கீழே இருக்கும்படி கொதிக்கும் நீரின் ஆவிக்கு மேல் பத்து நொடிபோலக் காட்டி, உடனே மூடி, நிமிர்த்தி இரவு முழுக்க வைப்பார்கள். காம்புக்குக் கொஞ்சம் ஈரம் ஏறினால் முறியாமல் வளையும். ஆவியை அதிகம் காட்டினால் காம்புகளைக் கட்டியுள்ள நூலின் பசை இளகும், எடையும் கூடி ஷட்டில் வேகமாகிவிடும். கார்க் நனையவே கூடாது.

வாங்கிய இறகு ஷட்டில் கொஞ்சம் வேகமாகப் போய்ப் பின்கோட்டைத் தாண்டுகிறது என்றால், ஒன்றுவிட்டு ஒன்றாக இறகு நுனிகளை லேசாக வெளிப்பக்கம் மடித்தால் வேகம் குறையும்; உள்ளே மடித்தால் கூடும். பயிற்சியில் இதைச் செய்து சமாளிக்கலாம். போட்டியில் ஆடுபவர் வேண்டுமென்றே ஷட்டிலின் வேகத்தையோ பறக்கும் விதத்தையோ மாற்றுவது விதிமீறல்.

அலுமினியம் எங்கே தோற்கிறது

இப்போது ராக்கெட். கடையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். அலுமினியத் தலையும், அதைக் கைப்பிடியோடு சேர்க்கும் இரும்புத் தண்டும், அதாவது இரும்பு ஷாஃப்ட்டும், கொண்டது முதல் வகை. அலுமினியத் தலை, கார்பன் ஷாஃப்ட் இரண்டாவது. தலையும் ஷாஃப்ட்டும் கார்பனிலேயே, ஒட்டு எதுவும் வெளியே தெரியாமல் ஒரே உடலாகச் செய்தது மூன்றாவது. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் கழுத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தலையும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் 'டீ' வடிவத் துண்டு ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் தலை பெரும்பாலும் அலுமினியம். ஷாஃப்ட்டில் காந்தம் ஒட்டினால் இரும்பு. ஃப்ரேமைச் சுண்டிப் பார்த்தால் உலோகம் கிண்கிணிக்கும், கார்பன் மந்தமாக ஒலிக்கும்.

அலுமினியத்தின் குறை அதன் கூடுதல் எடைதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், இரும்பு ஷாஃப்ட் கொண்டவை 100 கிராமைத் தொடும், தாண்டும். கார்பனில் 4யூ என்று அச்சிட்டது 80 முதல் 84.9 கிராம் வரை. 3யூ என்றால் 85 முதல் 89.9 வரை, 5யூ என்றால் 75 முதல் 79.9 வரை. இந்த எடைகள் ஸ்ட்ரிங் போடாமல் சொல்வது. ஸ்ட்ரிங்கும் மேலே சுற்றும் கிரிப்பும் சேர்ந்தால் ஏறத்தாழ 10 கிராம் கூடும். ஆனால் என் பார்வையில் எடையைவிடப் பெரிய குறை அந்த 'டீ' மூட்டுதான். புதியவரின் அடி நடுவில் படாமல் ஓரமாகப் படும்போது தலை முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஒரே உடலான கார்பன் ராக்கெட் அந்த முறுக்கை ஓரளவு எதிர்த்து நிற்கும். மூட்டு வைத்த ராக்கெட்டில், குறிப்பாகச் சில மாதம் ஆடிய பிறகு, தலை கடுகளவு திரும்பும். அந்தக் கடுகளவே மறுபக்கம் போய்ச் சேரும்போது ஷட்டிலைப் பக்கக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அடித்தவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார்.

மூட்டுத் தளர்ந்ததா என்று பார்க்க, ஒரு கையால் கிரிப்பை இறுகப் பிடித்து, மறு கையால் தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருக வேண்டும். 'க்ரிக்' என்று சத்தம் வந்தாலோ, தலை தனியாக அசைந்தாலோ அதைத் திருத்த முடியாது. பசை ஊற்றுவது இரண்டு நாள் நிற்கும்.

அலுமினியம் அடிபட்டால் நெளியும். கார்பன் அடிபட்டால் விரியும். இதைக் கேட்டதும் 'அப்படியென்றால் அலுமினியமே உறுதி' என்று தோன்றும். தரையில் தேய்த்து, சுவரில் மோதி, சைக்கிள் கேரியரில் போட்டு எடுத்துப் போகும் ராக்கெட்டுக்கு அது உண்மை. குழந்தைகள் விளையாடவும், வெட்டவெளியில் பொழுதுபோக்காகத் தட்டவும் அலுமினியம் போதும். அங்கே காற்று வீசும், எந்த ராக்கெட்டும் ஷட்டிலும் சொன்னபடி கேட்காது. அரங்குக்குள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒழுங்காகப் பழகப்போகிறவர் அலுமினியத்தில் தொடங்கி, ஆறு மாதத்தில் கார்பனுக்கு மாறுவது இரண்டு முறை செலவு. அலுமினியத் தலையும் கார்பன் ஷாஃப்ட்டும் சேர்ந்த நடுவகையிலும் அதே மூட்டு இருக்கிறது என்பதால் அதில் எனக்கு ஆர்வம் இல்லை.

விலை கூடிய கார்பனும் தோற்கும் இடம்

கார்பன் என்று முடிவுசெய்த பிறகு அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டக்காரர் பிடித்திருந்த அதே மாடல், தலை கனத்தது, ஷாஃப்ட் விறைப்பானது, ஸ்ட்ரிங்கின் இறுக்கம் 28 பவுண்டு. இதில் புதியவர் அடித்த கிளியர் அலுமினியத்தில் அடித்ததைவிடக் குட்டையாக விழுந்தால் ஆச்சரியமில்லை.

காரணம் இது. வீச்சின்போது ஷாஃப்ட் சற்றுப் பின்னோக்கி வளைந்து, ஷட்டிலைத் தொடும் தருணத்தில் நிமிர வேண்டும். அந்த நிமிர்வு தலைக்குக் கூடுதல் வேகம் தரும். விறைப்பான ஷாஃப்ட்டை வளைக்க வேகமான வீச்சு வேண்டும். வீச்சு மெதுவாக இருந்தால் அது வளையவே வளையாது. கையில் இருப்பது ஒரு குச்சி. நெகிழ்வான ஷாஃப்ட் மெதுவான வீச்சுக்கும் வளைந்து கொடுக்கும். ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். 20 முதல் 22 பவுண்டு வரை கட்டிய ஸ்ட்ரிங், ஷட்டிலை உள்வாங்கித் தள்ளிவிடும்; நடுவிலிருந்து ஓரிரு விரற்கடை தள்ளிப் பட்டாலும் மன்னிக்கும். 26, 28 என்று இறுக்க இறுக்க அந்த மன்னிக்கும் வட்டம் சுருங்கும். நடுவில் பட்டால் மட்டும் கூர்மையாகப் போகும், தப்பினால் முழங்கைவரை அதிரும். நைலான் ஷட்டிலோடு அந்த இறுக்கம் சேர்ந்தால் அதிர்வு இன்னும் மோசம்.

தலை கனம் எவ்வளவு என்பதைக் கடையிலேயே பார்க்கலாம். ஷாஃப்ட்டை ஒற்றை விரலின் மேல் கிடத்தி, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடி நுனியிலிருந்து அந்த இடம் 285 முதல் 295 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சமநிலை ராக்கெட். அதற்கு மேலே போனால் தலை கனம், கீழே வந்தால் தலை லேசு. முதல் ராக்கெட் சமநிலையில் இருப்பதே நல்லது. தலை கனத்தது ஸ்மாஷுக்கு உதவும் என்பது உண்மை, ஆனால் எதிராளியின் ஸ்மாஷைத் தடுக்க ராக்கெட் நேரத்துக்கு மேலே வராது. புதியவர் அடிக்கும் ஸ்மாஷைவிட வாங்கும் ஸ்மாஷே அதிகம்.

ஆக, கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: முழுக் கார்பன், 4யூ, சமநிலை, நெகிழ்வான ஷாஃப்ட், 0.70 மில்லிமீட்டர் தடிமன் ஸ்ட்ரிங், 21 பவுண்டு. ஜி5 என்ற கைப்பிடி பெரும்பாலோருக்குப் பொருந்தும். மெலிதாகத் தோன்றினால் மேலே ஒரு கிரிப் சுற்றிக்கொள்ளலாம், தடித்ததை மெலிதாக்குவதுதான் கஷ்டம். பல நிறுவனங்களில் ஜி எண் கூடக் கூடக் கைப்பிடி மெலிதாகும் என்பதைக் கவனிக்க வேண்டும். 'கார்பன் கலவை' என்று எழுதியிருந்தால் கண்ணாடி இழை கலந்திருக்க வாய்ப்புண்டு. அது கெட்டதல்ல, நெகிழ்வைக் கூட்டும். ஆனால் முழுக் கார்பன் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கார்பனைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள். ஒன்று, இரட்டையர் ஆட்டத்தில் நடுவில் வரும் ஷட்டிலுக்கு இருவரும் பாய்ந்து ராக்கெட்டுகள் மோதிக்கொள்வது. மோதிய இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கினால் பெயின்ட் மட்டும்தான் போயிருக்கிறது. ஃப்ரேமின் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு ஓடி, அதில் நகம் மாட்டினால் விரிசல். தலையின் இரு பக்கத்தையும் லேசாக அழுத்தும்போது நறநறவென்று கேட்டாலும் விரிசல்தான். அதற்குப் புது ஸ்ட்ரிங் போடக் கொடுத்தால் மெஷினிலேயே மடங்கிவிடும்.

இன்னொன்று, ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததும் ராக்கெட்டை அப்படியே பைக்குள் போட்டு வாரக்கணக்கில் விட்டுவிடுவது. ஸ்ட்ரிங் முழுதாக இருக்கும்வரை ஃப்ரேமை எல்லாப் பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்று அறுந்தால் அந்தப் பக்கம் இழுப்பு போய், மிச்சப் பக்கங்கள் தலையைக் கோணலாக இழுக்கும். அறுந்த அன்றே, நடுவிலிருந்து தொடங்கி நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி ஓரம் நோக்கி எல்லா ஸ்ட்ரிங்கையும் வெட்டிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ராக்கெட்டை விட்டாலும் கேடுதான். ஸ்ட்ரிங் இறுக்கம் இழக்கும், கைப்பிடியில் ஷாஃப்ட்டை ஒட்டிய பசையும் இளகும்.

ஒரு மாலைச் சோதனை

இனி அந்தப் பாதியில் விழும் கிளியருக்கு வருவோம். கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். அரங்கில் வெப்பம் 30 டிகிரி. கையில் அலுமினிய ராக்கெட், நீல வளைய நைலான். பின்கோட்டருகே நின்று அடிக்கும் கிளியர், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 4 மீட்டர் முன்னால் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலில் ஷட்டில். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரிடம் அதே ஷட்டிலைக் கொடுத்து, அவருடைய ராக்கெட்டால் கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடிக்கச் சொல்லுங்கள். 30 டிகிரியில் நீலம் இரட்டையர் சர்வீஸ் கோட்டைத் தாண்டி, பின்கோட்டுக்கு வெளியேகூடப் போய் விழலாம். அப்படியானால் ஷட்டில் ஏற்கெனவே வேகமானது. பச்சைக்கு மாற வேண்டும். சிவப்பு வாங்கியிருந்தால் எதிர்த்திசையில் போயிருப்போம்.

அடுத்து ராக்கெட். பச்சை வளையத்தை வைத்துக்கொண்டு, சொந்த ராக்கெட்டால் பத்து கிளியர், பிறகு இரவல் வாங்கிய 4யூ நெகிழ்வான கார்பனால் பத்து. ஒவ்வொன்றும் விழும் இடத்தை ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று கவனிக்கட்டும். தூரத்தைவிட முக்கியமாக அவர் பார்க்க வேண்டியது சிதறலை. பத்தும் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஆனால் குட்டையாக விழுந்தால் குறை ராக்கெட்டில் அதிகம் இல்லை. வீச்சில் இருக்கிறது, அல்லது ஷட்டிலைத் தலைக்குப் பின்னால் விட்டு அடிக்கிறார். அலுமினியத்தில் இடமும் வலமுமாகச் சிதறி, கார்பனில் ஒரு கட்டுக்குள் வந்தால், மூட்டு முறுக்குகிறது. அப்போது ராக்கெட்டை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. கார்பனில் அரை மீட்டரோ ஒரு மீட்டரோ கூடப் போகலாம். 4 மீட்டர் குறையை எந்த ஃப்ரேமும் ஈடுசெய்யாது.

பிறகு எப்போது இறகு? பச்சை வளைய நைலானில் பத்துக்கு ஏழு கிளியர் இரட்டையர் சர்வீஸ் கோட்டருகே விழ ஆரம்பித்து, ஃப்ரேமில் படும் சத்தம் அபூர்வமான பிறகு. அப்போதும் புது டப்பாவை உடைத்து கேம் ஆட வேண்டாம். நன்றாக ஆடுகிறவர்கள் ஓரிரு காம்பு முறிந்ததும் ஒதுக்கிவிட்ட ஷட்டில்களை வாங்கிக்கொண்டு நெட் அடிகளும் சர்வீஸும் பழகலாம். அந்தக் குறைந்த வேகத்தில் முறிந்த காம்பு அவ்வளவாக உறுத்தாது, இறகு கவிழும் வேகம் மட்டும் கைக்குப் பழகிவிடும். கிளியருக்கும் ஸ்மாஷுக்கும் அவை உதவாது. தள்ளாடிக்கொண்டு போய் எங்கோ விழும்.